பலகையில் ரம்பம் படும் முன்

அன்புள்ள நண்பா,

உன் மெயில் கிடைத்தது. பெரியவளுக்கு நீங்கள் நினைத்த கல்லூரியிலேயே இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே குடியாத்தத்தில் சிரசுத் திருவிழா முடிந்து ஊர் மறுபடி பழைய நடைக்கு வந்துவிட்டது. வெயில்தான் விடவில்லை. பட்டறைத் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் நிற்க முடியாமல் வேலையைக் காலையிலும் சாயங்காலத்திலுமாகப் பிரித்துச் செய்கிறோம். உன் அம்மா போன வாரம் பட்டறைக்கே வந்து, "அலமாரி எப்போடா வரும், துணியெல்லாம் கட்டில் மேலயே கிடக்குது" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதனால் இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் கவனமாகப் படி. நீ சரி என்று எழுதின பிறகுதான் பலகையில் ரம்பம் வைப்பேன்.

முதலில் அகலம். நீ அனுப்பிய வரைபடத்தில் சுவருக்குள் விட்ட பள்ளம் நாலடி அகலம், ஏழடி உயரம் என்று இருக்கிறது. அது கொத்தனாருக்குச் சொன்ன அளவு. பூச்சு ஏறிய பிறகு இருக்கிற அளவு வேறு. தரையோரம் 1223 மில்லி, நடுவில் 1215, மேலே 1218. நடுவில் இரண்டு பக்கமும் பூச்சு லேசாகத் தொப்பை போட்டிருக்கிறது. தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தால் இடது சுவர் தலைப்பக்கம் உள்ளே சாய்கிறது. உயரம் இடது பக்கம் 2112, வலது பக்கம் 2106. ஆழம் மிகக் குறைந்த இடத்தில் 596. சுவர்க் கணக்கில் எப்போதும் மிகச் சின்ன எண்ணைத்தான் பிடிக்க வேண்டும், ஏனென்றால் பெட்டி உள்ளே போகும்போது இடிக்கப் போவது அந்த ஒரு இடத்தில்தான்.

1215-ல் பெட்டியை 1180-க்குச் செய்யலாம் என்றிருக்கிறேன். "ஒன்றரை அங்குலம் வீணாகப் போகிறதே" என்று நீ கேட்பாய், எனக்குத் தெரியும். அந்த இடைவெளியை இரண்டு பக்கமும் தேக்குப் பட்டி வைத்து அடைக்கப் போகிறேன். பட்டியை 30 மில்லி அகலத்துக்கு அறுத்து, சுவரோடு ஒட்டி நிறுத்தி, சுவர் போகிற வளைவைப் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டு, அந்தக் கோட்டுக்கு இழைப்புளியால் இழைப்பேன். நடுவில் ஒரு பக்கத்துக்குப் பதினேழு பதினெட்டு மில்லி நிற்கும், அடியில் இருபத்தொன்று இருபத்திரண்டு. இடைவெளியை ஐந்தாறு மில்லிக்குக் குறைத்தால் பட்டி குச்சியாகிவிடும், ஆணி வைத்தால் பிளக்கும். பெட்டியைச் சுவருக்கு நெருக்கமாகச் செய்து வெள்ளை சிமெண்ட் அப்புகிற வழக்கம் இங்கே உண்டு. ஒரு மழைக்காலம் போனால் அந்த இடத்தில் முடி மாதிரி விரிசல் விழும். எனக்கு அது பிடிக்காது.

உயரத்துக்கும் இதே வழிதான். அடியில் 80 மில்லி பீடம், அதன் மேல் 2000 மில்லி பெட்டி, மேலே மிச்சத்துக்கு ஒரு பட்டி. பீடத்தைத் தனியாகச் செய்து, ரசமட்டம் வைத்து, ஆப்பு கொடுத்து முதலில் மட்டமாக்கிவிடுவேன். தரையின் ஏற்ற இறக்கம் எல்லாம் அந்தப் பீடத்தோடு நின்றுவிடும். ஆழம் 560. கதவோடு சேர்த்து 580 சொச்சம் வரும், பின்னால் விரல் நுழைகிற அளவு காற்று நிற்கும். அது வெளிச்சுவர் என்பதால் அந்தக் காற்று வேண்டும். பலகை எட்டுக்கு நாலு, அதாவது 2440-க்கு 1220. 560 ஆக இரண்டு துண்டு எடுத்தால், ரம்பம் தின்பது ஒவ்வொரு அறுப்புக்கும் 3 மில்லி போக, தொண்ணூறு சொச்சத்துக்கு ஒரு நீளத் துண்டு மிஞ்சும். பீடம் அதிலேயே வந்துவிடும்.

இப்போது நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "எவ்வளவு கூடக்குறைய வந்தால் ஒத்துக்கொள்ளலாம்?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். அதற்கு ஒரே எண்ணாகப் பதில் சொல்ல முடியாது. பெட்டியின் வெளி அகலம் 1180-க்குப் பதிலாக 1178 வந்தாலும் 1182 வந்தாலும் உனக்குத் தெரியவே தெரியாது, பட்டி விழுங்கிவிடும். அந்த இரண்டு மில்லியே உள்ளே டிராயரில் வந்தால் அம்மா தினமும் திட்டுவார்கள்.

டிராயர் கணக்கைச் சொல்கிறேன், பார். 18 மில்லி என்று வாங்கின பலகையை வெர்னியரில் பிடித்தால் 17.4 காட்டுகிறது. அது பெரிய குற்றம் இல்லை, அவ்வளவு குறைவு எல்லாப் பலகையிலும் பார்க்கிறதுதான். அதன் மேல் இரண்டு பக்கமும் 0.8 லேமினேட், நடுவில் பசை. எல்லாம் ஒட்டிக் காய்ந்த மாதிரித் துண்டு ஒன்றை அளந்தேன், 19.2 வந்தது. இந்த எண்தான் எனக்கு வேண்டியது. செங்குத்தாக நிற்பவை மூன்று, ஓரத்தில் இரண்டு, நடுவில் ஒன்று. மூன்றுக்கும் 57.6. 1180-ல் அதைக் கழித்து இரண்டாகப் பிரித்தால் ஒரு அறைக்கு 561.2. டிராயர் வலது அறையில், கதவுக்கு உள்ளே வருகிறது. கதவு முழுதாகத் திறக்காமல் நின்றாலும் டிராயர் கதவையோ கீலையோ இடிக்கக் கூடாது. அதற்காகக் கீல் பக்கம் அதே பலகையில் ஒரு துண்டு வைத்துத் தடிப்பாக்குவேன். இப்போது 542. டிராயர் ஓடுகிற டெலஸ்கோப்பிக் சேனல் ஒரு பக்கத்துக்கு அரை அங்குலம், 12.7. இரண்டுக்கும் சேர்த்துக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்து 26. ஆக டிராயரின் வெளி அகலம் 516.

இதையே பலகை 18 என்று நம்பி, லேமினேட்டை மறந்து கணக்குப் போட்டால் 519 வரும். மூன்று மில்லி, முழுசாக ஒரு நூல். அந்த டிராயர் உள்ளே போகாது. பலவந்தமாகத் தள்ளினால் போகும், ஆனால் சேனலில் குண்டு உருளாமல் தேயும். போன மாதம் ஒரு வீட்டில் வேறு யாரோ செய்த டிராயரைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். பாதி வரை வழுக்கிக்கொண்டு வந்து அதற்கு மேல் இறுகியது. சேனலின் உள் ஓரத்தில் கறுப்பாகக் கிரீஸும் இரும்புப் பொடியும் கோடு போட்டிருந்தது. அகலம் கூடிப்போன டிராயருக்கு அதுதான் அடையாளம். குறைந்துபோனால் ஆடும், கடகடக்கும், ஆனால் சேனலுக்குப் பின்னால் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யலாம். அதனால் டிராயருக்கு நான் ஒத்துக்கொள்வது 516, அதற்கு மேல் ஒன்றும் கூடாது, கீழே ஒரு மில்லி வரை குறையலாம். இன்னொன்று, பெட்டியைக் கோத்து நிறுத்திய பிறகு உள்ளே மறுபடி அளந்துவிட்டுத்தான் டிராயர் பலகையை அறுப்பேன். இன்றைக்கு நீ உறுதி செய்வது பெட்டியையும் கதவையும். டிராயர் எண் ஒரு மில்லி இப்படி அப்படி மாறினால் என்னிடம் காரணம் கேட்காதே.

கதவு இரண்டு, ஒவ்வொன்றும் 587-க்கு 1996. ஓரங்களில் ஒன்றரை மில்லி, நடுவில் 3 மில்லி சந்து. வெளியே கண்ணுக்குத் தெரிகிற ஒரே நேர்கோடு அந்த நடுச்சந்துதான், அதனால் கதவின் அளவில் அரை மில்லிக்கு மேல் தவறக் கூடாது. கீலில் திருகைத் திருப்பி இரண்டு மில்லி வரை நகர்த்தலாம் என்பது உண்மை. அதைக் கோணல் பெட்டியைச் சரிக்கட்டச் செலவு செய்துவிட்டால், பின்னால் கதவு தொய்யும்போது கையில் ஒன்றும் இருக்காது. பெட்டி கோணலா என்று பார்க்க மூலைக்கு மூலை குறுக்காக அளப்பேன். இரண்டு குறுக்கும் 2322 வர வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 2 மில்லிக்குள் இருந்தால் பின்பலகையை அடிப்பேன். அதற்கு மேல் போனால் நீண்ட குறுக்கை கிளாம்ப் போட்டு இழுத்து, நேராக்கிவிட்டுத்தான் பின்பலகை. அதை அடித்த பிறகு பெட்டி அசையாது.

உன்னிடம் முடிவு கேட்பது ஒன்று இருக்கிறது. அம்மாவின் டிரங்குப் பெட்டி இடது அறையின் அடியில் வர வேண்டும் என்றாயே, அதை அளந்தேன். 22 அங்குலம், 559 மில்லி. அறை 561. காகிதத்தில் நுழையும். கையில் நுழையாது, ஏனென்றால் அடிக் கீல் குறுக்கே நிற்கும், ஒவ்வொரு தடவையும் லேமினேட் சுரண்டும். நடுப்பலகையை 20 மில்லி வலது பக்கம் நகர்த்தினால் இடது அறை 581 ஆகும், டிரங்கு வசதியாகப் போகும். ஆனால் அப்போது டிராயர் 496 ஆகச் சுருங்கும், இரண்டு கதவும் ஒரே அகலத்தில் இருக்காது. என்னைக் கேட்டால் டிரங்கைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடலாம். அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை, அதை நீயே பேசு. நீ நகர்த்தச் சொன்னால் நகர்த்துகிறேன், கதவு எண்களை மறுபடி எழுதி அனுப்புவேன்.

காட்பாடியில் பேனல் ரம்பம் உள்ள மில்லில் வியாழக்கிழமை காலைக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். கையில் அறுப்பதைவிட அதில் ஓரம் சுத்தமாக வரும். அதனால் புதன் ராத்திரிக்குள் பதில் வேண்டும். பெட்டி 1180, 2000, 560, கதவு 587, 1996, டிரங்கு உள்ளேயா வெளியேயா. இவ்வளவும் எழுத்தில் வரட்டும், போனில் "சரிடா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடாதே. லேமினேட் நிறத்துக்கு அவசரம் இல்லை என்று நினைக்காதே, அதுவும் அதே மெயிலில் வேண்டும், ஏனென்றால் இழை ஓடுகிற டிசைன் என்றால் பலகையை எந்தப் பக்கமாக அறுப்பது என்பது மாறும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்,
குடியாத்தம்