சப்ளை கான்ட்ராக்ட் டெம்ப்ளேட் எழுதறவங்களுக்கு: உங்க ஃபோர்ஸ் மெஜூர் கிளாஸ் பத்தி ஒரு திறந்த மடல்

வணக்கம்.

"டெம்ப்ளேட் இதுதான், மாத்த எங்களுக்கு அனுமதி இல்ல, கையெழுத்து போட்டு அனுப்புங்க"ன்னு மெயில் போடற பர்ச்சேஸ் மேனேஜர்களுக்கும், அந்த டெம்ப்ளேட்டை எழுதி வச்சிருக்கற லீகல் டீமுக்கும் சேர்த்துதான் இதை எழுதறேன். நான் சப்ளையர் பக்கம் உக்காந்து கான்ட்ராக்ட் படிக்கற ஆளு. விலை, பேமென்ட் நாள், பெனால்டின்னு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கமும் மல்லுக்கட்டுவோம், ஃபோர்ஸ் மெஜூர், அதாவது கைக்கு மீறின காரணத்தால சப்ளை நின்னா பொறுப்புல இருந்து விலக்கு தர்ற கிளாஸ், வந்தா மட்டும் 'இது எல்லா கான்ட்ராக்ட்லயும் இருக்கறதுதானே'ன்னு ரெண்டு பேருமே தாண்டிப் போயிடுவோம். அப்புறம் ஒரு நாள் நிஜமாவே சப்ளை நின்னதும்தான் அந்தப் பத்தியை எல்லாரும் முதல் தடவையா முழுசா படிக்கறாங்க.

உங்க டெம்ப்ளேட்ல போர், வெள்ளம், பூகம்பம், தொற்றுநோய், அரசாங்க உத்தரவு, தீ விபத்துன்னு லிஸ்ட் நல்லா நீளமாவே இருக்கு, அதுல எனக்குப் பெரிசா குறை இல்ல. லிஸ்ட்ல பேர் இருந்துட்டா மட்டும் விலக்கு கிடைச்சிடாதுங்கறதுதான் நிறைய பேருக்குப் புரியறதில்ல. சர்வதேச வர்த்தக சபை, அதான் ஐசிசி, 2020-ல வெளியிட்ட மாதிரி கிளாஸ்ல மூணு விஷயம் கேக்கறாங்க: தடை நம்ம கைக்கு மீறினதா இருக்கணும், கான்ட்ராக்ட் போடும்போது நியாயமா எதிர்பார்த்திருக்க முடியாததா இருக்கணும், அதோட விளைவை நியாயமான முயற்சியால தவிர்க்கவோ சமாளிக்கவோ முடிஞ்சிருக்கக் கூடாது. லிஸ்ட்ல இருக்கற சம்பவம்னா முதல் ரெண்டும் இருக்குன்னு எடுத்துக்குவாங்க, எதிர் தரப்பு வேணா இல்லன்னு நிரூபிக்கட்டும். ஆனா மூணாவதை சப்ளையரேதான் காட்டணும். உங்க டெம்ப்ளேட்ல இந்தப் பிரிவே இல்ல, வெறும் லிஸ்ட் மட்டும்தான் இருக்கு.

சரி, ஒரு உதாரணம் எடுத்துக்கறேன், கற்பனைதான். ஒரு சப்ளையர் பசை தயாரிக்கறாரு, மாசம் 600 டிரம் உங்களுக்கு, 200 டிரம் இன்னொரு கஸ்டமருக்கு. பசைக்கு வேண்டிய ரெசின் ஒரே ஒரு ஃபேக்டரில இருந்து வருது. முதல் நாள் ராத்திரி அந்த ரெசின் ஃபேக்டரில தீ, அன்னிக்கு ராத்திரியே அணைச்சிட்டாங்க. நாலாம் நாள் அவங்க மெயில் போடறாங்க, சின்ன தீதான், ரெண்டு வாரத்துல சரியாயிடும்னு. ஒன்பதாம் நாள் இன்னொரு மெயில், ரியாக்டரே போச்சு, மூணு மாசம் ஆகும்னு. சப்ளையர்கிட்ட கையிருப்பு 400 டிரம், ரெண்டு கஸ்டமருக்கும் சேர்த்து 15 நாள் தாங்கும். ஆக 16-ஆம் நாள்தான் உங்களுக்கு முதல் டெலிவரி தவறுது.

இப்போ உங்க கிளாஸை எடுங்க: "நிகழ்வு நடந்த 48 மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்காவிட்டால் எந்த விலக்கும் கோர முடியாது." கவனிச்சீங்களா, சப்ளையருக்குத் தீ பிடிச்ச விஷயமே நாலாம் நாள்தான் தெரியுது, அதுக்குள்ள உங்க 48 மணி நேரம் முடிஞ்சே போச்சு. தனக்குத் தெரியாத ஒண்ணைப் பத்தி நோட்டீஸ் குடுக்கலன்னு ஒருத்தரோட உரிமை போகுது. சம்பவம் அவர் ஃபேக்டரிக்குள்ளயே நடந்தா 48 மணி நேரம் பரவாயில்ல, சப்ளை செயின்ல மேல எங்கயோ நடந்தா இது செல்லவே செல்லாத கணக்கு.

எண்ண ஆரம்பிக்க வேண்டிய நாள், டெலிவரி பாதிக்கப்படும்னு சப்ளையருக்குத் தெரிஞ்ச நாள், இல்ல நியாயமா தெரிஞ்சிருக்க வேண்டிய நாள். சர்வதேச சரக்கு விற்பனை பத்தின 1980 வியன்னா ஒப்பந்தத்தோட 79-வது பிரிவும் அப்படித்தான் எண்ணுது. 'தெரிஞ்சிருக்க வேண்டிய'ங்கற வார்த்தை உங்களுக்கும் பாதுகாப்பு, மெயிலைத் திறக்காம விட்டுட்டு எனக்குத் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது.

லேட்டானா என்ன தண்டனைங்கறதுதான் அடுத்த சிக்கல். உங்க கிளாஸ்ல ஒரு மணி நேரம் லேட்டானாலும் மொத்தமும் காலி. ஐசிசி கிளாஸ் இதுக்கு நடுவுல ஒரு வழி வச்சிருக்கு: தாமதம் இல்லாம சொன்னா தடை வந்த நாள்ல இருந்தே விலக்கு, தாமதமா சொன்னா நோட்டீஸ் உங்க கைக்கு வந்து சேர்ந்த நாள்ல இருந்துதான் விலக்கு. நம்ம பசை சப்ளையர் ஒன்பதாம் நாளே விஷயம் தெரிஞ்சும் 20-ஆம் நாள்தான் வாயைத் திறக்கறாருன்னு வச்சுக்கோங்க. 16-ல இருந்து 19 வரைக்கும் தவறினதுக்கு அவர் பதில் சொல்லியே ஆகணும், அதுக்கப்புறம் விலக்கு. சொல்லாததால உங்களுக்கு எந்த நாள்ல நஷ்டம் வந்துச்சோ அதுக்குத்தான் விலை, இது எனக்கு நியாயமாப் படுது.

இன்னொண்ணு, இந்த மாதிரி கடுமையான வரி உங்களுக்கே கெடுதல். விவரமான சப்ளையர் என்ன பண்ணுவார்னா, எங்க சின்னதா சலசலப்பு கேட்டாலும் "எங்கள் உரிமைகளைக் காத்துக்கொள்ள"ன்னு ஒரு நோட்டீஸ் தட்டி விட்டுடுவாரு. நானே அப்படித்தான் அனுப்பச் சொல்றேன், உங்க வரிக்கு வேற வழி இல்ல. கடைசில உங்க இன்பாக்ஸ்ல நிஜ நோட்டீஸ் எது, பயத்துல போட்டது எதுன்னே தெரியாது.

நோட்டீஸை ரெண்டு படியா பிரிச்சா இது சரியாகும். முதல்ல அஞ்சு நாளுக்குள்ள ரெண்டு வரி, இன்னது நடந்திருக்கு, டெலிவரி பாதிக்கலாம்னு. அப்புறம் 14 நாளுக்குள்ள விவரம்: எந்த ஆர்டர், எத்தனை டிரம், கையிருப்பு எவ்வளவு, எப்போ சரியாகும், மாற்று வழிக்கு என்ன பண்றோம், ஆதாரம் என்ன. அதுக்கப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நிலவரம். எங்க பக்கத்து ஆளுங்களையும் சொல்லணும், "எதிர்பாராத சூழ்நிலை காரணமாக"ன்னு ஒரு வரி போட்டுட்டு நோட்டீஸ் குடுத்தாச்சுன்னு உக்காந்திருக்கறது நோட்டீஸே இல்ல, அதை வச்சு நீங்க எதையும் பிளான் பண்ண முடியாது. அப்புறம் தயவுசெஞ்சு நோட்டீஸ் அனுப்பற முகவரியை சரி பண்ணுங்க, கூரியர்ல பதிவு அலுவலகத்துக்கு அனுப்பினாதான் செல்லும்னு எழுதிட்டு தினசரி பேச்சு முழுக்க வாட்ஸ்அப்ல நடத்தறீங்க, கேஸ்னு வந்ததும் "எங்களுக்கு நோட்டீஸே வரல"ன்னு லீகல் சொல்லுது. இதுக்குன்னே ஒரு பொதுவான மெயில் ஐடி போதும், ஆள் மாறினாலும் அது இருக்கும்.

இப்போ மாற்று வழி. வேற ரெசின் கம்பெனில ஒண்ணரை மடங்கு விலைக்கு சரக்கு கிடைக்குதுன்னா சப்ளையர் வாங்கித்தான் ஆகணும், நஷ்டம் வருதுங்கறது மட்டும் ஃபோர்ஸ் மெஜூர் ஆகாது. இந்திய உச்ச நீதிமன்றம் 2017-ல எனர்ஜி வாட்ச்டாக் வழக்குல இதைத்தான் சொல்லிச்சு, இந்தோனேசியாவுல விதி மாறி நிலக்கரி விலை ஏறினதை மின் உற்பத்தி கம்பெனிங்க காரணமா சொன்னப்போ, விலை ஏறினதால சுமை கூடிச்சுங்கறதுக்காக ஒப்பந்தத்துல இருந்து நழுவ முடியாதுன்னு. இதுல நான் உங்க கட்சிதான். ஆனா உங்க ஸ்பெக் ஷீட்ல "இன்ன கம்பெனி ரெசின் மட்டுமே"ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, மாத்தணும்னா உங்க குவாலிட்டி டீம் சாம்பிள் வாங்கி டெஸ்ட் பண்ணி ஒப்புதல் குடுக்கணும், அதுக்கு ஆறு வாரம். அந்த ஆறு வாரத் தாமதமும் சப்ளையர் தலைலதான் விழுது. மாற்று சரக்குக்கு ஒப்புதல் கேட்டா இத்தனை நாளுக்குள்ள ஆமா இல்லன்னு பதில் சொல்லுவோம், அதுவரைக்கும் ஓடற நாள் சப்ளையர் கணக்குல வராதுன்னு ஒரு வரி சேருங்க.

கையிருப்பு 400 டிரம்மை யாருக்குக் குடுக்கறதுன்னும் உங்க டெம்ப்ளேட் சொல்லல. எதுவும் எழுதலன்னா அதிக விலை தர்ற கஸ்டமருக்கே மொத்தமும் போகற ஆசை சப்ளையருக்கு வரும். வழக்கமான அளவு விகிதப்படின்னு எழுதிட்டா உங்களுக்கு 300, அவருக்கு 100, பிரச்சினை முடிஞ்சது.

விலக்கு எவ்வளவு நாள்ங்கறதுக்கு வர்றேன், இங்கதான் எனக்கு ரொம்ப எரிச்சல். "நிகழ்வு முடிந்தவுடன் விலக்கு முடிவடையும்"னு எழுதியிருக்கீங்க. நிகழ்வு என்ன? தீ. தீ எப்போ முடிஞ்சது? முதல் நாள் ராத்திரியே! வரியை அப்படியே படிச்சா முதல் டெலிவரி தவறறதுக்கு முன்னாடியே விலக்கு முடிஞ்சு போச்சு. யாரும் இதை நினைச்சு எழுதியிருக்க மாட்டீங்க, ஆனா ஒரு வக்கீல் கைல இது போதும். விலக்கு ஓட வேண்டியது தடையோட விளைவு இருக்கற வரைக்கும். ரெசின் 92-ஆம் நாள் வருது, லைனை சுத்தம் பண்ணி முதல் பேட்ச் ஓட்டி டெஸ்ட் முடிய 106-ஆம் நாள் ஆகுது, அந்த 14 நாளும் இதுலதான் சேரணும். இதுக்கு 21 நாள்னு ஒரு உச்ச வரம்பு போட்டுக்கோங்க, இல்லன்னா சில பேர் இழுத்துக்கிட்டே போவாங்க.

கான்ட்ராக்ட்டை முடிச்சுக்கற உரிமை உங்க டெம்ப்ளேட்ல 30 நாளுக்கப்புறம், அதுவும் உங்களுக்கு மட்டும். ஐசிசில 120 நாள், ரெண்டு பேருக்கும். எத்தனை நாள்ங்கறதைப் பேசிக்கலாம், ஆனா 30 நாள் 'தொடர்ச்சியா'வா, மொத்தமாவா? 25-ஆம் நாள் எப்படியோ தேத்தி 50 டிரம் அனுப்பினா கணக்கு மறுபடியும் ஒண்ணுல இருந்தா? "எந்த 180 நாள் காலத்திலும் மொத்தமாக 90 நாள்"னு எழுதினா இந்த விளையாட்டுக்கு இடமே இல்ல.

கடைசியா அந்த மூணு மாசம் போகாத 1800 டிரம். ரத்தா, தள்ளிப்போனதா? கிளாஸ்ல ஒரு வார்த்தை இல்ல. லைன் முழு வேகத்துல ஓடினாலே மாசம் 900 டிரம்தான் வரும், திரும்ப ஆரம்பிச்ச மாசமே நீங்க 2400 கேட்டா அது அடுத்த தகராறு. எழுத்துல ஒத்துக்காத வரைக்கும் தவறின அளவு ரத்துன்னும், அந்த சமயத்துல நீங்க வெளில வாங்கினது உங்க குறைந்தபட்ச கொள்முதல்ல கழியும்னும் போட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி. ஏற்கனவே டெலிவரி ஆன சரக்குக்குப் பணம் குடுக்கறதை இந்த கிளாஸ் தொடாதுன்னு சேர்த்துடுங்க, தீ பிடிச்சது ரெசின் ஃபேக்டரில, உங்க அக்கவுன்ட்ஸ்ல இல்ல.

எல்லாத்தையும் இப்பவே மாத்த முடியாதுன்னா அந்த 48 மணி நேர வரியையும் 'நிகழ்வு முடிந்தவுடன்' வரியையும் ஒரு பக்க திருத்தமா இந்த மாசமே அனுப்புங்க, மத்ததை ரெனியூவல் அப்போ உக்காந்து பேசலாம்.

இப்படிக்கு,
உங்க டெம்ப்ளேட்டை சப்ளையர் பக்கத்துல இருந்து படிக்கற ஒருத்தன்