ஆன்டிபயாடிக் கட்டுரையில் ஒரு திருத்தம்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த ஆன்டிபயாடிக் கட்டுரையில், மருந்து பட்டதும் பாக்டீரியா தப்பிப்பதற்காகத் தன் மரபணுவைத் தானே மாற்றிக்கொள்கிறது என்று ஒரு வரி இருந்தது. சென்னையில் கல்லூரி மாணவர்களுக்கு நுண்ணுயிரியல் ஆய்வக வகுப்பு எடுக்கிறவள் நான், அந்த வரியை அப்படியே விட மனம் வரவில்லை. அங்கே நடப்பது பழுதுபார்க்கும் வேலை. எஸ்ஓஎஸ் எதிர்வினை என்பார்கள்.

ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவின் மேல் புற ஊதா ஒளி பட்டால் டிஎன்ஏவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தைமின் என்ற எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நகலெடுத்துக்கொண்டு வரும் நொதி அங்கே முட்டி நிற்கும், ஜோடி இல்லாத ஒற்றை இழை வெளியே தெரியும். அதன்மேல் ரெக்-ஏ என்ற புரதம் வரிசையாகப் படிகிறது. சாதாரண நாளில் நாற்பது மரபணுக்கள்போலப் பூட்டி வைத்திருப்பது லெக்ஸ்-ஏ என்ற புரதம். ரெக்-ஏ படிந்த இழையோடு சேர்ந்ததும் அது தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். பூட்டு திறந்துவிடும்.

முதலில் வருவது ஒழுங்கான பழுதுபார்ப்புதான். யுவிஆர் புரதங்கள் கெட்ட இழையில் பன்னிரண்டு எழுத்து அளவுக்கு வெட்டி எடுக்க, எதிர் இழையைப் பார்த்து அந்த இடம் சரியாக நிரப்பப்படும். இதற்குள் சுல்-ஏ என்ற இன்னொரு புரதம் செல் இரண்டாகப் பிரிவதைத் தடுத்து வைக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் குட்டைக் குச்சிகளுக்கு நடுவே சேமியா மாதிரி நீண்ட செல்கள் கிடக்கும், அவைதான் வளர்ந்தும் பிரியாமல் காத்திருப்பவை.

சிக்கல், எதிர் இழையே இல்லாத இடைவெளிகளில். பார்த்து எழுத மூலம் கிடையாது, ஒட்டிய தைமின்களைத் தாண்டாவிட்டால் செல் செத்துவிடும். அரை மணி நேரம் போல ஆகியும் சேதம் தீரவில்லை என்றால்தான் பாலிமரேஸ் 5 தயாராகிறது. கெட்ட எழுத்துக்கு எதிரே ஏதோ ஒன்றை வைத்துவிட்டுத் தாண்டும் நொதி அது, எழுதியதைத் திரும்பிப் பார்த்துத் திருத்தும் வசதி அதற்கு இல்லை. நல்ல டிஎன்ஏவைக் கொடுத்தாலும் சில ஆயிரம் எழுத்துக்கு ஒன்றைத் தப்பாகப் போடும். மரபணுப் பிழை கூடுவது இங்கேதான். 1977இல் ஜப்பானியர் இருவர் புற ஊதா ஒளி பட்டாலும் பிறழ்வு கூடாத ஈ. கோலை வகைகளைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றில் கெட்டிருந்தவை இந்த நொதிக்கான மரபணுக்கள். அதாவது ஒளி பட்டால் மட்டும் போதாது, பிழை விழ இந்த நொதியும் வேண்டும்.

சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் டிஎன்ஏவை உடைப்பதால் அதுவும் இதே பூட்டைத் திறக்கும். விழும் பிழைகள் கண்டபடி விழுபவை, பெரும்பாலும் பயனற்றவை அல்லது கெடுதல். எப்போதாவது ஒன்று கைரேஸ் நொதியில் மருந்து ஒட்டும் இடத்தில் விழுந்தால் அந்தச் செல் பிழைத்துப் பெருகும். 2005இல் வந்த எலி ஆய்வில், லெக்ஸ்-ஏ வெட்டுப்படாத ஈ. கோலையில் சிப்ரோவுக்கு எதிர்ப்பு உருவாகவே இல்லை. ஆனால் எல்லா எதிர்ப்பும் இப்படி வருவதல்ல, வேறு பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையம் வழியாக வாங்குவதும் உண்டு. கட்டுரை இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருக்கிறது. அடுத்த வாரம் ஒரு திருத்தம் போடுங்கள், என் மாணவர்களும் உங்கள் இணைப்பைத்தான் படிக்கிறார்கள்.

நுண்ணுயிரியல் ஆசிரியை,
குரோம்பேட்டை, சென்னை