சிவப்பு காட்டாத பராமரிப்பு அட்டவணை: புகார்

அனுப்புநர்: பராமரிப்புப் பொறுப்பாளர், சாயப்பட்டறை, திருப்பூர்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் பிரிவு
நாள்: 12.06.2025

ஐயா,

லிஃப்ட், பாய்லர், தீயணைப்பான் ஆய்வு அறிக்கைகளைத் தொகுத்து, கெடு தாண்டிய வேலைகள் சிவப்பில் தெரியும்படி எக்செல் அட்டவணை செய்து தரக் கேட்டிருந்தோம். 2ஆம் தேதி வந்தது. திறந்து பார்த்தால் ஒரே ஒரு வரி சிவப்பு. அதுவும் தவறு.

அந்த வரி ஒரு கார்பன் டைஆக்சைடு தீயணைப்பான். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் நீரழுத்தச் சோதனைக்குக் கெடு 04/11/2025, அதாவது நவம்பர் 4. உங்கள் அட்டவணையில் அது ஏப்ரல் 11. சிவப்பைப் பார்த்துப் பதறி, சிலிண்டரைக் கழற்றி வண்டியில் ஏற்றி அனுப்பினோம். "இதுக்கு இன்னும் நேரம் இருக்கே சார்" என்று சோதனைக் கூடத்தில் திருப்பிவிட்டார்கள்.

சரி, இது வீண் அலைச்சலோடு போயிற்று. லிஃப்ட் அப்படியில்லை. மார்ச் 25 ஆய்வில் பிரேக் லைனிங் தேய்ந்திருக்கிறது, 30 நாளில் மாற்றுங்கள் என்று எழுதியிருந்தார்கள். கெடு 24/04/2025. ஒன்றரை மாதம் தாண்டியும் அந்த வரி வெள்ளையாகவே நிற்கிறது. ஏன் என்று நானே தோண்டினேன். நீங்கள் வைத்த சூத்திரம் இதுதான்:

```
=$F5<TODAY()
```

சூத்திரத்தில் குறையில்லை. தேதிகளை ஏற்றிய கணினி மாதத்தை முதலில் படிக்கும் அமெரிக்க அமைப்பில் இருந்திருக்கிறது. 24ஆம் மாதம் என்று ஒன்று கிடையாதே! அதனால் 24/04/2025 தேதியாகாமல் வெறும் எழுத்தாகத் தங்கிவிட்டது. எக்செலின் கணக்கில் எழுத்து எந்த எண்ணையும்விடப் பெரியது; அந்த வரி எத்தனை வருடமானாலும் சிவக்காது. நாள் 12க்குள் இருந்தால் நாளும் மாதமும் இடம் மாறிவிடும். பிழையான கட்டங்களில் தேதி இடது ஓரம் ஒட்டி நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ISNUMBER போட்டால் FALSE வரும். இடம் மாறியவை இதில் சிக்காது, அறிக்கையோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

பாய்லர் சான்றிதழ் அப்படித்தான் தப்பியது. முடியும் நாள் 09/07/2025, ஜூலை 9. நீங்கள் காட்டுவது செப்டம்பர் 7. சான்றிதழ் காலாவதியானால் பாய்லரை இயக்கக்கூடாது. இன்னும் 27 நாள்தான். அதற்குள் பாய்லரைக் குளிரவைத்து, சுத்தம் செய்து, ஆய்வாளருக்குக் காட்டியாக வேண்டும். அட்டவணையை நம்பியிருந்தால் ஆகஸ்ட் முழுக்கச் சான்றிதழ் இல்லாமல் ஓட்டியிருப்போம்.

அதே பாய்லரில் கேஜ் கிளாஸ் வால்வு ஒழுகுகிறது, உடனே சரிசெய்யவும் என்ற குறிப்பும் இருந்தது. கெடு கட்டத்தில் "Immediate" என்று தட்டி வைத்திருக்கிறீர்கள். அதுவும் எழுத்துதான்! இருப்பதிலேயே அவசரமான வேலை, ஒருநாளும் சிவக்காத வரியில் கிடக்கிறது.

எல்லாத் தேதிகளையும் மூல அறிக்கையோடு ஒப்பிட்டுத் திருத்தி, 'உடனே' என்றிருப்பவற்றுக்கு ஆய்வு நாளையே கெடுவாகப் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் அறிக்கையின் பக்க எண்ணைச் சேர்த்து 16ஆம் தேதிக்குள் அனுப்புங்கள். அதுவரை பாக்கித் தொகையை நிறுத்தி வைத்திருக்கிறோம். சிலிண்டரை ஏற்றி இறக்கிய வண்டி வாடகை ரசீதையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பொறுப்பாளர்