செல்வத்துக்கு, அப்பாவின் பாட்டைப் பற்றி

மாப்ளே செல்வம்,

அப்பாவின் பாட்டுப் பதிவு கரகரக்கிறது, சரிசெய்ய முடியுமா என்று கேட்டாயே, தம்பியிடம் கொடுத்துவிட்ட பென் டிரைவ் கிடைத்தது. நீ முதலில் வாட்ஸப்பில் அனுப்பியதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அது ஒலியை இறுக்கும்போது, சத்தம் மிஞ்சி வெட்டுப்பட்ட அலையின் முனைகள் கோணலாகி, வெட்டு எங்கே என்றே தெரியாமல் போகிறது. போனிலிருந்து நேராக எடுத்ததில் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது.

சத்தத்தைக் குறைத்துக் கேட்டாலும் அதே கரகரப்பு. ஆக, கோளாறு ஸ்பீக்கரில் இல்லை, பதிவில்தான். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பா தனியாக விருத்தம் பாடும் இடத்தில், குரல் ஏறும்போது மட்டும் அலையின் உச்சி மொட்டையாகிறது. அந்த மொட்டை நாலைந்து புள்ளிகள்தான். வினாடிக்கு 44,100 புள்ளிகள் இருப்பதால் இது சின்னக் காயம். ஆடாசிட்டியில் உள்ள Clip Fix என்ற வசதி இரண்டு பக்கச் சரிவையும் பார்த்து உச்சியை வரைந்துவிடுகிறது. வரைகிற உச்சிக்கு மேலே இடம் வேண்டும் என்பதால் சத்தத்தை 9 dB இறக்கினேன். இன்னும் கொஞ்சம் முரடாக இருக்கிறது, ஆனால் அப்பா குரல்தான். பொதுவாகவே, தன் சத்தத்தாலேயே வெட்டுப்பட்ட பேச்சு புரியும். 1940களில் லிக்லைடர் என்ற அமெரிக்கர் பேச்சலையை ஏறக்குறைய முழுக்கவே மழித்துப் பார்த்தார். கேட்க நாராசம், சொற்கள் மட்டும் பெரும்பாலும் புரிந்தன.

உறுமி சேர்ந்த பிறகுதான் வம்பு. அங்கே மைக்கைத் திணறடிப்பது அப்பா குரல் இல்லை, அடி. அடி அலையைக் கூரையில் முட்டவைத்து எட்டு, பத்து மில்லி வினாடி அங்கேயே நிறுத்துகிறது. ஆண் குரலின் ஒரு முழு அதிர்வே ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த நேரத்தில் அப்பா பாடியது நசுங்கவில்லை, பதிவாகவே இல்லை. மென்பொருள் அதை நிரப்பினால் அது உறுமியின் உச்சியைத்தான் வரையும். போதாததற்கு, அடி விழுந்ததும் போன் தானே சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. அடுத்த எழுத்துகளும் தேய்கின்றன. தாளத்தில் அடி விழுவதும் சொல்லின் தலையில்தானே!

எனக்கும் உனக்கும் பாட்டு தெரியும், இல்லாத சொல்லும் நம் காதில் விழும். அதனால் பாட்டை அறியாத பக்கத்துக் கடைப் பையனை எழுதச் சொன்னேன். விருத்தத்தை ஒழுங்காக எழுதிவிட்டான். உறுமிப் பகுதியில் ‘பூமாலை’ என்பதற்கு ‘வாழை’ என்றான், மற்ற வரிகளுக்குக் கோடு போட்டான். சுத்தம் செய்த பிரதியைக் கேட்டும் அதே கோடுகள்தான். அதோடு அந்தப் பகுதியை விட்டுவிட்டேன். மூலத்தை மட்டும் அழித்துவிடாதே.

அப்புறம், அன்றைக்குப் பின்னால் முளைப்பாரிப் பக்கம் நின்று வீடியோ எடுத்தவர்கள் யாராவது இருப்பார்கள், விசாரி. குரல் சன்னமாக, இரைச்சலோடு இருந்தாலும் பரவாயில்லை, வெட்டுப்படாமல் இருந்தால் போதும். கிடைத்தால் வாட்ஸப் வேண்டாம், தம்பியிடமே கொடுத்துவிடு.

அன்புடன்,
பாண்டி