ராத்திரிச் சாதம்: ஆரணி நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்குப் பிறகு நான் உனக்கு எழுதவே இல்லை. நீ இரண்டு முறை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லாரும் நலம். சின்னவள் பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். அக்காவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ அனுப்பிய அரிசி நல்ல அரிசி, பழுதே இல்லை. சைக்கிள் டியூப் விஷயத்தை இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாயாமே, நம் கணக்கு வாத்தியார் மகன் வந்து சொன்னான். அதற்கு நேரில் பேசிக்கொள்ளலாம்.

இப்போது எழுதுவது வேறு விஷயம். படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே. உன் மெஸ்ஸை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, காலை ஆறே முக்கால். கடை திறந்து ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். முப்பது வயது இருக்கும், ஒரு பையன் வந்து கல்லா முன்னால் நின்றான். முகம் வெளுத்துப்போயிருந்தது. போளூர்ப் பக்கம். அம்மாவை இங்கே ஆஸ்பத்திரியில் காட்ட அழைத்து வந்து, பக்கத்து லாட்ஜில் தங்கியிருக்கிறான். சத்தம் போடவில்லை. "அண்ணா, நேத்து காலைல உங்ககிட்ட எலுமிச்ச சாதம் பார்சல் வாங்கினேன். எட்டரைக்குச் சாப்பிட்டேன். பத்தரைக்கு வாந்தி ஆரம்பிச்சது, ஆறு தடவ. அந்தச் சாதம் எத்தன மணிக்கு வடிச்சதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றான்.

நான் யோசிக்கவே இல்லை. "காலைல அஞ்சு மணிக்கு வடிச்சதுப்பா. இருபது வருஷமா கடை நடத்துறேன். வெளியில தண்ணி கிண்ணி குடிச்சிருப்ப" என்று சொல்லிவிட்டேன். அவன் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். ஒரு சீட்டில் போன் நம்பரை எழுதி வைத்தான். "அம்மாவுக்கு டெஸ்ட்டுன்னு வெறும் வயித்துல இருக்கச் சொன்னாங்க. அதனால அவங்க சாப்பிடல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை உட்கார விடவில்லை. அந்த அம்மாவின் இலையிலும் அதே சாதம் இருந்திருக்கும்.

உள்ளே போய் மாஸ்டரிடம் கேட்டேன். முதலில் அவரும் அஞ்சு மணி என்றுதான் சொன்னார். அரிசி மூட்டைக் கணக்கைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலைக்கு அரிசியே எடுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு மறுபடி கேட்டேன். அப்போதுதான் சொன்னார். திங்கட்கிழமை ராத்திரி மழை, நினைவிருக்கிறதா? அன்று ஆரணியிலும் கொட்டியது என்றாயே. ஏழு மணிக்கு ஒரே உலையில் வடித்த சாதத்துக்கு ஆள் வரவில்லை. கடை சாத்தும்போது எட்டுக் கிலோ போல மீந்திருக்கிறது. ஃப்ரிட்ஜ் முழுக்க தோசை மாவு. அண்டாவைத் தட்டுப் போட்டு மூடி, ஈரத்துணி சுற்றி மூலையில் வைத்துவிட்டார். காலையில் தாளித்துக் கொட்டி, எலுமிச்சை பிழிந்து பார்சல் கட்டிவிட்டார்கள். "வாடையே இல்லண்ணா, நானும் ஒரு வாய் போட்டுப் பார்த்தேன்" என்றார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "நீங்கதானே தீபாவளிக்கு முன்னாடி, அரிசி வெல ஏறிப்போச்சு, ஒரு பருக்கையும் குப்பைக்குப் போகக்கூடாதுன்னீங்க" என்றார்.

அதற்குமேல் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, சேகர். சொன்னது நான்தான்.

அக்கா மகளைத் தெரியுமல்லவா, சென்னையில் லேபில் வேலை பார்க்கிறாளே, அவளைக் கூப்பிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மாமா, காய்ச்சல் இருந்ததா? சாப்பிட்டு எத்தனை மணி நேரத்தில் வாந்தி?" என்று இரண்டே கேள்விதான் கேட்டாள். காய்ச்சல் இல்லை, இரண்டு மணி நேரம் என்றேன். ராத்திரிச் சாதமாகத்தான் இருக்கும் என்றாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். அரிசியிலேயே ஒரு கிருமி, மண்ணிலிருந்து வருவது. பேசில்லஸ் சீரியஸ் என்று பெயர். அது விதை மாதிரி ஓடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உலை கொதித்தாலும் அந்த விதை சாவதில்லை. சாதம் ஆறி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் முளைத்துப் பெருக ஆரம்பிக்கும். பெருகும்போது சாதத்தில் ஒரு நஞ்சை விடும். முளைத்த கிருமியைச் சூடு பண்ணிக் கொன்றுவிடலாம், ஆனால் அந்த நஞ்சு சூட்டுக்கு அசையாது. தாளித்தாலும் போகாது, குக்கரில் வைத்தாலும் போகாது. நஞ்சு முன்பே சாதத்தில் இருப்பதால்தான் சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணிக்குள் வாந்தி வந்துவிடுகிறது. வயிற்றுக்குள் போய்க் கிருமி பெருகி நோய் வருவதென்றால் இன்னும் நேரமெடுக்குமாம். 1970களில் இங்கிலாந்தில் சீன உணவுக் கடைகளில் இதே கதை நடந்திருக்கிறது. ராத்திரி வடித்த சாதத்தை வெளியில் வைத்து மறுநாள் வறுத்துக் கொடுத்திருக்கிறார்கள், தின்றவர்களுக்கு வாந்தி.

"எலுமிச்சை புளிப்புத்தானே?" என்று கேட்டேன். புளிப்பில் அது வளராது என்பது உண்மைதான், ஆனால் நீங்கள் பிழிந்தது காலையில், அது வேலையை முடித்தது ராத்திரியில் என்றாள். பழைய சோறு வேறு என்பதையும் அப்போதுதான் புரிந்துகொண்டேன். ஆயா தண்ணீர் ஊற்றி வைத்தது, அது விடிவதற்குள் தானாகவே புளித்துவிடும். மூடி வைத்த உலர்ந்த சாதம் புளிக்காது, வாடையும் வராது. மாஸ்டர் மோந்து பார்த்ததில் தப்பில்லை, மூக்கால் கண்டுபிடிக்க முடியாத விஷயம் அது.

எனக்கு அதோடு நிற்க மனசு வரவில்லை. குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன், சில நூறு ரூபாய்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி, ஏழு மணிச் சாதத்தில் எட்டுக் கிலோவை அதே அண்டாவில், அதே ஈரத்துணியோடு வைத்துவிட்டு நானும் மாஸ்டரும் கடையிலேயே படுத்தோம். பத்தரைக்கு நடுச்சாதம் 61 டிகிரி. ஒரு மணிக்கு 52. நாலு மணிக்கு 41. ஆறரைக்கு 35. பார்த்தாயா? சூடாக வைப்பதென்றால் 60க்கு மேல், குளிர்ச்சியாக வைப்பதென்றால் 5க்குக் கீழ் என்பதுதான் கணக்கு. நம் அண்டா விடிய விடிய இரண்டுக்கும் நடுவில்தான் நின்றது. ஓரத்துச் சாதம் இன்னும் சீக்கிரமே ஆறி, அந்தக் கிருமிக்குப் பிடித்த சூட்டில் மணிக்கணக்காக இருந்தது. நாம் பத்திரம் என்று நினைத்துச் சுற்றிய துணிதான் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைத்தது. அந்தச் சாதத்தை அப்படியே கொட்டினோம். மாஸ்டர் கண்ணில் தண்ணீர்.

சனிக்கிழமை, நம்பர் கையிலிருந்த பார்சல்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். நாலு பேரில் இரண்டு பேருக்கு அன்று வாந்தி. எங்களிடம் சொல்லவே இல்லை. "பரவால்லண்ணா, மதியமே சரியாயிடுச்சு" என்றார்கள். இருபது வருடமாகப் புகார் வரவில்லை என்று பெருமைப்பட்டேனே, எத்தனை பேர் இப்படிச் சொல்லாமல் போனார்களோ.

அந்தப் பையனுக்கு போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, எழுதிக்கொண்டு போனேன். மூன்று தாள் கிழித்தேன். முதல் இரண்டிலும் மழை, ஃப்ரிட்ஜ், மாஸ்டர் என்று காரணங்களே நிறைந்திருந்தன. கடைசியில் எழுதியது இது:

"தம்பி, அன்று நீங்கள் கேட்டதற்கு நான் சொன்னது பொய். விசாரிக்காமலே சொன்னேன். அந்தச் சாதம் முதல் நாள் ராத்திரி ஏழு மணிக்கு வடித்தது. விடியும்வரை வெளியில் இருந்தது. உங்களுக்கு வந்த வாந்தி அதனால்தான் என்று சோதித்து நிரூபிக்கச் சாதம் மிச்சமில்லை. ஆனால் அதே பார்சல் சாப்பிட்ட இன்னும் இரண்டு பேருக்கும் வாந்தி வந்திருக்கிறது. அதனால் எங்கள் சாதம்தான் காரணம் என்று நம்புகிறேன். மீந்ததை வீணாக்கக் கூடாது என்று சொன்னது நான், சமையல்காரர் மேல் தப்பில்லை. இனி காலைப் பார்சலுக்குக் காலையில்தான் வடிப்போம். உங்கள் மருந்துச் செலவு என்னுடையது. மன்னிக்க வேண்டும்."

லாட்ஜ் வாசலில் நின்றே படித்தான். இரண்டு முறை படித்தான். "மாஸ்டர அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "அனுப்பாதீங்க" என்றான். மருந்துச் செலவு நூற்றிச் சொச்சம், அதை மட்டும் வாங்கிக்கொண்டான். உள்ளேயிருந்து அவன் அம்மா, யாருப்பா என்று கேட்டார். "சாப்பாட்டுக் கடை அண்ணா" என்றான், அவ்வளவுதான். நான் கைகூப்பிவிட்டு வந்தேன்.

கடையில் செய்தது இதுதான். ராத்திரிக்கு ஒரே உலை கிடையாது. நாலு கிலோ அரிசியாக மூன்று தடவை வடிக்கிறோம். எட்டரைக்கு ஆள் எண்ணிப் பார்த்துத்தான் மூன்றாவது உலை. பரிமாறும் அண்டாவைக் கொதிக்கும் தண்ணீர்த் தொட்டிமேல் வைத்து 60க்கு மேலேயே வைக்கிறோம். பத்தரைக்கு மீந்தால் வேலையாட்கள் சூடாக அங்கேயே சாப்பிடுகிறார்கள், அதற்கும் மேல் மீந்தால் குப்பைக்குப் போகட்டும் என்று நானே மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறேன். கூட ஓர் ஆள் அடுப்படியில் நிற்க வேண்டியிருக்கிறது, கேஸும் கொஞ்சம் கூடத்தான் ஆகிறது. சாம்பாருக்கும் குருமாவுக்கும் இதே கேள்வி இருக்கிறது, அது அடுத்து. தட்டில் பரப்பி ஆற வைத்து ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தோம். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்பி ஃபேன் போட்டால் ஒரு மணி நேரத்தில் 35க்கு வருகிறது, உடனே ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். ஆனால் நம்முடைய ஃப்ரிட்ஜில் எட்டுக் கிலோவுக்கு இடமில்லை. இடமில்லாதவன் மீத்து வைக்கவே கூடாது.

சேகர், ஹாஸ்டல் பசங்களுக்குக் காலையில் தக்காளி சாதம் போடுகிறாய். போன வருடம் நான் வந்திருந்தபோது உன் சமையலறை மூலையிலும் ஓர் அண்டா துணி சுற்றி இருந்தது. அன்று நானே உன் சிக்கனத்தைப் பாராட்டினேன். அது இப்போது நினைவுக்கு வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

இன்று ராத்திரி சாத்தும்போது நீயே போய் மூடியைத் திறந்து பார். எத்தனை கிலோ இருந்தது, அது எத்தனை மணிக்கு வடித்தது, இரண்டையும் எனக்கு எழுது. தெர்மாமீட்டர் இன்னொன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் ஆரணி பஸ்ஸில் ஏறுகிறேன். வரும்போது இலவம்பாடிக் கத்தரிக்காயும் கொண்டுவருகிறேன், தங்கச்சியிடம் சொல்லிவை.

உன்,
முருகேசன்
வேலூர்