2024-25 ஆண்டறிக்கை: வெளிநாட்டு நன்கொடைக் கணக்குத் தணிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், கூடியிருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாலை வகுப்பும் நூலகமும் வழக்கம்போல் நடந்தன. அவற்றின் வரவு செலவு தனித்தாளில் இருக்கிறது. இந்த அறிக்கையின் பெரும்பகுதியை, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வின்படி நாம் வைத்திருக்கும் கணக்குக்கே ஒதுக்குகிறேன். தணிக்கையில் நாம் செய்த தவறுகள் சில தெரியவந்தன. அவை ஒவ்வோர் உறுப்பினருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டு நன்கொடை முதலில் வந்து சேரவேண்டிய இடம், டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் நாம் வைத்திருக்கும் கணக்குதான். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தம் கொண்டுவந்த விதி இது. அங்கிருந்து காரைக்குடியிலுள்ள செலவுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்த இரண்டிலும் உள்ளூர்ப் பணம் ஒரு ரூபாய்கூடக் கலக்கக் கூடாது.

கலந்துவிட்டது. எப்படி என்று சொல்கிறேன். நம்மூர்க்காரர்களான அண்ணன் தம்பி இருவர் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். அண்ணன் அங்கிருந்தே 1,50,000 ரூபாய் அனுப்பினார். மலேசியாவிலிருந்து வருகிற பணம் என்பதால் டெல்லிக் கணக்கு எண்ணைக் கொடுத்தோம். தம்பி கும்பாபிஷேகத்துக்கு ஊருக்கு வந்தபோது, இங்குள்ள வங்கிக் கணக்கிலிருந்து 1,00,000 ரூபாய்க்குச் செக் எழுதிக் கொடுத்தார். ரூபாய்ச் செக்தானே என்று பொதுக் கணக்கில் போட்டோம். இரண்டுமே தவறு.

அண்ணன் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறார். மலேசியாவில் அவருக்கு இருப்பது நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டை. இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. தம்பியோ மலேசியக் குடிமகன். அவர் காரைக்குடியில் உட்கார்ந்து ரூபாயில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். பணம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் பார்த்தோம், கொடுத்தவரின் குடியுரிமையைப் பார்க்கவில்லை.

வங்கி ஸ்டேட்மென்டில் இது தெரியாது. ஆடிட்டர் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை எடுத்துவைத்துக்கொண்டு, வெளிநாட்டு முகவரி உள்ள ஒவ்வொரு பெயருக்கும் பாஸ்போர்ட் நகல் கேட்டார். நம்மிடம் ஒன்றுகூட இல்லை. கேட்டு வாங்கிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

சரி, பணத்தை இடம் மாற்றிவிட்டால் போதாதா என்று பொருளாளர் கேட்டார். வேண்டாம் என்றார் ஆடிட்டர். பொதுக் கணக்கிலிருந்து டெல்லிக்கு அனுப்பினால், அங்கே உள்ளூர்ப் பணம் இன்னொரு முறை நுழைந்ததாகத்தான் பதிவாகும். எனவே இரண்டு தொகையையும் செலவழிக்காமல் அப்படியே வைத்திருக்கிறோம். நடந்ததை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டி வழக்கில்லாமல் முடித்துக்கொள்வதற்கான காம்பவுண்டிங் விண்ணப்பத்தை உள்துறை அமைச்சகத்துக்குப் போடச் செயற்குழு தீர்மானித்திருக்கிறது.

இதனால் இன்னொரு கணக்கும் மாறியது. அந்த ஆண்டில் வந்த வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சிங்கப்பூர் அறக்கட்டளை தந்த 9,00,000 ரூபாயோடு அண்ணன் பணத்தைச் சேர்த்து 10,50,000 என்று எடுத்து, உச்சவரம்பு 2,10,000 என்று வைத்திருந்தோம். அண்ணன் பணத்தைக் கழித்து, தம்பி பணத்தைச் சேர்த்தால் வரவு 10,00,000, வரம்பு 2,00,000. நல்லவேளையாக நம் நிர்வாகச் செலவு 1,64,000தான்.

அப்புறம், அந்த 9,00,000 ரூபாயைப் பற்றி. ஆச்சிமாரிடம் இளம்பெண்கள் கொட்டான் முடையக் கற்றுக்கொள்வதற்காக வந்த பணம் அது. ஒப்புதல் கடிதத்தில் பனையோலை, சாயம், பயிற்சியாளர் சம்பளம், பயிற்சிக் காலப்படி என்று எழுதியிருக்கிறது. ஆடிட்டர் ஒவ்வொரு வவுச்சரையும் அந்தக் கடிதத்தோடு ஒப்பிட்டார். கூடத்தின் ஓடு மாற்ற ஆன 72,000 ரூபாய் எந்தத் தலைப்பிலும் பொருந்தவில்லை. பயிற்சி நடப்பது அந்தக் கூடத்தில்தான், மழையில் ஒழுகியதும் உண்மை. ஆனால் அதே கூடத்தில் மாலை வகுப்பும் நடக்கிறது. கொடுத்தவர்களின் எழுத்துப்பூர்வ சம்மதத்தைச் செலவுக்கு முன்னாலேயே வாங்கியிருக்க வேண்டும். அந்தப் பழுதுபார்ப்புக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டவன் நான். அது என் பொறுப்பு. நடந்ததை அறக்கட்டளைக்கு எழுதித் தெரிவித்துவிட்டோம். அவர்கள் பதில் வரும்வரை அந்தத் தொகை தணிக்கை அறிக்கையில் ஆட்சேபத்துக்குரிய செலவாகவே நிற்கும்.

டெல்லிக் கணக்கிலும் செலவுக் கணக்கிலும் கிடைத்த வட்டி 21,400 ரூபாய். அதுவும் வெளிநாட்டு நன்கொடையாகவே கணக்கில் காட்டப்படுகிறது. வெளிநாட்டு நன்கொடையின் ஆண்டுக் கணக்கைக் காட்டும் எஃப்.சி.4 படிவத்தை டிசம்பர் 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

இனி வெளிநாட்டு முகவரி உள்ள எவருக்கும் பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகல் கிடைத்த பிறகுதான் கணக்கு எண் தரப்படும். செக்காக வந்தால், நகல் வரும்வரை வங்கியில் போடாமல் பொருளாளரிடம் இருக்கும். திருவிழா நேரத்தில் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடம் நீங்கள் நன்கொடை வாங்கினாலும் இதே முறைதான்.

செயலாளர்