வானவில் ரோஜா விதை வாங்குவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் நம் இதழின் மாடித்தோட்டப் பக்கத்தில் ஒரு ரோஜாச் செடியின் படம் வந்திருந்தது. பூவுக்குப் பூ சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஏழு நிறமும் இருந்தன. 'புதிய ரகம், விதை ஆன்லைனில் கிடைக்கிறது' என்று அடியில் போட்டிருந்தீர்கள். நான் ஓசூர் பக்கம் நர்சரி வைத்திருக்கிறேன். இதழ் வந்த மறுநாளே அந்த விதையைக் கேட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். அப்படி ஒரு செடி எங்கேயும் கிடையாது என்பதை உங்கள் வழியாகவே வாசகர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

வானவில் ரோஜாப் பூ என்னவோ நிஜம்தான். நெதர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் வான் டி வெர்க்கன் என்பவர் அதை உருவாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார். வெள்ளை ரோஜாவைக் காம்போடு வெட்டி, காம்பின் அடியை நீளவாக்கில் சில கீற்றுகளாகப் பிளந்து, ஒவ்வொரு கீற்றையும் ஒவ்வொரு சாயத் தண்ணீரில் வைத்துவிடுவார்கள். காம்புக்குள் தண்ணீர் ஏறும் குழாய்கள் தனித்தனியாக ஓடுவதால், ஒரு கீற்று உறிஞ்சும் சாயம் அந்தப் பக்கத்து இதழ்களுக்குப் போய்ச் சேருகிறது. வெள்ளை ரோஜாவும் கேக்குக்குப் போடும் கலரும் இருந்தால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஆனால் அந்த நிறம் தண்ணீரோடு ஏறியது. செடியின் மரபில் அது இல்லை. விதைக்குள் எப்படிப் போகும்?

இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். படம் போலியா என்று மட்டும் பார்க்கிறார்கள். சில விளம்பரங்களில் இருப்பது சாயம் ஏற்றிய நிஜப் பூவின் நிஜப் படம். படம் உண்மை, விற்பனைதான் பொய். அதனால் முதலில் கவனிக்க வேண்டியது, பூ வெட்டின காம்பில் இருக்கிறதா, வளரும் செடியில் இருக்கிறதா என்பதை. மண்ணில் வேர் ஊன்றிய செடியில், பக்கத்தில் மொட்டும் துளிருமாக ஏழு நிறப் பூ நின்றால், அந்தப் படத்தில் கண்டிப்பாகக் கைவேலை இருக்கிறது.

சாயம் ஏறிய பூவையும் கணினியில் நிறம் மாற்றிய பூவையும் பெரிதாக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சாயம் நரம்பு வழியாக வந்து, தண்ணீர் ஆவியாகும் இதழ் ஓரத்தில் தங்கும். அதனால் ஓரமும் நரம்பும் அழுத்தமாகவும் இதழின் அடி வெளிறியும் இருக்கும். காம்பில் விட்டுவைத்த இலையிலும் சாயம் ஏறிக் கறை தெரியலாம். எடிட் செய்த படத்தில் நிறம் இதழின் எல்லையை மதிப்பதில்லை. ஒரே பட்டை நான்கைந்து இதழ்களின் மேல் ஓடும். பூவும் இலையும் தொடும் இடத்தில் பழைய சிவப்பு மெல்லிய கோடாக மிஞ்சியிருக்கும். நன்றாக விரிந்த பூவாக இருந்தால் நடுவே மகரந்தப் பையைப் பாருங்கள். ரோஜாவில் அது பெரும்பாலும் மஞ்சளாகத்தான் இருக்கும். 'நீல ரோஜா' என்ற படத்தில் அதுவும் சேர்ந்து நீலமாகியிருந்தால், மொத்தப் படத்தையும் சாயத்தில் முக்கி எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நீலம் என்றதும் இன்னொன்று. ரோஜாவில் நீலத்துக்கான நிறமி இயற்கையில் கிடையாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் வேறு செடியின் மரபணுவைச் சேர்த்துப் பல வருடம் ஆராய்ந்து, 2009இல் ஒரு ரோஜாவை விற்பனைக்கு விட்டது. அத்தனை செலவு செய்தும் கிடைத்தது வெளிர் ஊதா. பளிச்சென்ற மயில் கழுத்து நீலத்தில் ரோஜா விதை என்று 149 ரூபாய்க்கு யாராவது விற்றால் நம்பவே வேண்டாம்.

இப்போது செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய படங்களும் வருகின்றன. அவற்றில் பூவை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். ரோஜா இலை ஒற்றை இலை அல்ல. ஒரு காம்பில் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள், ஓரமெல்லாம் ரம்பப் பல், நுனியில் தனியாக ஒன்று. பூவில் அத்தனை நுணுக்கம் காட்டும் படத்தில் இலை மட்டும் செம்பருத்தி போலத் தண்டிலிருந்து ஒற்றை ஒற்றையாகக் கிளம்பும். கூகுள் லென்ஸில் தேடிப் பார்ப்பதும் நல்லதுதான். ஒரே பூ, ஒரே பனித்துளி, ஆனால் ஒரு கடையில் சிவப்பு, இன்னொன்றில் கறுப்பு என்று அகப்படும். ஆனால் புதிதாகச் செய்த படத்துக்குத் தேடலில் எதுவும் வராது. வரவில்லை என்பதால் படம் நிஜமாகிவிடாது.

என்னிடம் வாடிக்கையாகச் செடி வாங்கும் ஒரு அம்மா, இப்படி ஒரு விதைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து காட்டினார். கையில் கொட்டிப் பார்த்தேன். தட்டையாக, வெளிர் நிறத்தில், மேலே மெல்லிய ரோமத்தோடு இருந்தன. ரோஜா விதை அப்படி இருக்காது. உடைத்த சிறு கல் மாதிரி கோணல்மாணலாக, பழுப்பாக, நகத்தில் அழுத்தினால் இறங்காத கெட்டியாக இருக்கும். இருந்தாலும் அவர் மனம் கேட்கவில்லை, சரி என்று தொட்டியில் தூவிவிட்டோம். ஒரு வாரத்துக்குள் முளைத்தது. அப்போதே சந்தேகம் தீர்ந்தது, ஏனென்றால் ரோஜா விதையை ஈர மணலில் வைத்து ஒன்றரை, இரண்டு மாதம் குளிரூட்டினால்தான் ஓரளவு முளைக்கும். அப்புறம் இலை விட்டதும் கசக்கி முகர்ந்து பார்த்தார். அச்சு அசல் தக்காளி.

இந்த மோசடி ஓடுவதற்குக் காரணமே இந்தக் கால இடைவெளிதான். பொருளைத் திருப்பித் தர ஒரு வாரம், பத்து நாள் கொடுப்பார்கள். முளைக்கவில்லையே என்று கேட்டால், 'ரோஜா மெதுவாகத்தான் வரும், பொறுங்கள்' என்பார்கள். அது உண்மையும்கூட. நாம் பொறுத்திருக்கும்போது கெடு முடிந்துவிடும். விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரம் குவிந்திருப்பதும் இதனால்தான். 'பேக்கிங் அருமை' என்று பொட்டலம் வந்த அன்றே எழுதியிருப்பார்கள். பூத்த செடியின் படத்தை ஒருவர்கூடப் போட்டிருக்க மாட்டார்.

இன்னொரு விஷயமும் உண்டு. நிஜமான ரோஜா விதையே கிடைத்தாலும் தாய்ச்செடியின் பூ அப்படியே வராது. கலப்பின ரகங்களின் விதையில் ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு மாதிரி பூக்கும். அதனால்தான் நாங்கள் கண் ஒட்டு கட்டியோ குச்சி நட்டோ பெருக்குகிறோம். ஒரு குறிப்பிட்ட ரக ரோஜாவை விதையாக விற்கிறார்கள் என்றாலே, படத்தைப் பார்க்காமலேயே ஒதுக்கிவிடலாம். செடியாக விற்பவரிடம், 'இது ஒட்டா, குச்சியா? பூவோடு செடியைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா?' என்று கேளுங்கள். உண்மையிலேயே செடி வைத்திருப்பவருக்கு அது இரண்டு நிமிட வேலை. ஏற்கனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ரசீது, விதையின் படம் மூன்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். விற்பவர் விளம்பரத்தைத் தூக்கிவிடுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுவது முக்கியம்.

உங்கள் பக்கத்தை நம்பித்தான் பலர் செடி வாங்குகிறார்கள். எனவே அந்தப் படத்துக்கு ஒரு திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கூடவே, உண்மையான ரோஜாக் காய் எப்படி இருக்கும், அதைப் பிளந்தால் உள்ளே விதை எப்படி இருக்கும் என்று இரண்டு படம் போட்டால் உதவியாக இருக்கும். எங்கள் தோட்டத்தில் இப்போது காய் பழுத்திருக்கிறது. அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து இந்த வாரமே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நர்சரிக்காரர்,
ஓசூர்.